அப்பாயி அனுப்பிய "ஹலோ டா": இரண்டு சொல்லுக்கு என்ன பதில் எழுதுவது?

குடமுருட்டி, 11 அக்டோபர் 2024

பாபநாசத்துக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் என் அப்பாயி, தம்முடைய எழுபத்தெட்டாவது வயதில், முதல் முறையாகக் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை செய்கிறேன். சித்தப்பா புதுக் கைப்பேசி வாங்கியபோது பழையதை அவரிடம் கொடுத்து, அதில் வாட்ஸ்அப்பையும் போட்டுக் கொடுத்திருந்தார். புதன்கிழமை வந்த செய்தி "ஹலோ டா". முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அங்கே விடியற்காலை 5.40, இங்கே இரவு 2.10.

காலையில் எழுந்ததும் பார்த்தேன். மகிழ்ச்சியில் பல் விளக்கிக்கொண்டே, எப்படி இருக்கிறீர்கள், புதுப் போன் பிடித்திருக்கிறதா, மாத்திரை போடுகிறீர்களா என்று நான்கு வரி எழுதி அனுப்பினேன். மதியத்துக்குள் இரட்டைக் குறி நீலமாகிவிட்டது. ஆனால் இரண்டு நாளாகப் பதில் இல்லை.

இரண்டே சொல்லில் வந்த செய்திக்கு நான் அளவுக்கு மீறி எழுதிவிட்டேனா? "ஹலோ அப்பாயி" என்று மட்டும் எழுதியிருக்க வேண்டுமா? உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து இப்படி ஒரு செய்தி வந்தால் என்ன பதில் எழுதுவீர்கள்?

எச்சரிக்கை_மணி, 11 அக்டோபர் 2024

முதலில் அந்த எண் அவருடையதுதானா என்று பாருங்கள். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வெறும் ஹலோ வருவதும், நாம் பதில் சொன்னதும் உறவினர்போலப் பேசிப் பணம் கேட்பதும் இப்போது அன்றாடம் நடக்கின்றன. எந்தச் சூழ்நிலையிலும் ஓடிபியைச் சொல்லாதீர்கள்.

குடமுருட்டி, 11 அக்டோபர் 2024

ஐயா, எண் சித்தப்பா வாங்கிக் கொடுத்தது. முகப்புப் படத்தில் அப்பாயியும் எங்கள் வீட்டுக் கிடேரியும் நிற்கிறார்கள். அவர் என்னிடம் பணம் கேட்டால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். இதுவரை அவர்தான் எனக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

நேரில் அழைத்துப் பேசினால் என்ன என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சித்தப்பாவின் எண்ணுக்கு அழைக்கிறேன். கைப்பேசி கை மாறிக் கடைசியில்தான் அப்பாயியிடம் போகும். "சாப்பிட்டியா, உடம்ப பாத்துக்க, வச்சிர்றேன், காசு ஏறும்" என்று அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். யாரும் எடுத்துக் கொடுக்காமல் அவராகவே தொடங்கியது இதுதான் முதல் தடவை. அது வந்த வழியிலேயே பதில் போக வேண்டும் என்று எனக்கு ஆசை.

தந்தி_மாமா, 12 அக்டோபர் 2024

தம்பி, இதில் குழம்புவதற்கு ஒன்றுமில்லை. வெளிநாட்டுக்குச் செய்தி அனுப்பினால் உள்நாட்டைவிடப் பல மடங்கு காசு பிடிப்பார்கள். அதற்குப் பயந்துதான் பாட்டி இரண்டு சொல்லோடு நிறுத்திவிட்டார். எங்கள் காலத்தில் தந்தி கொடுக்கும்போது சொல்லுக்கு இத்தனை என்று கட்டணம். அதனால் "மகன் பிறந்தான்" என்று அடித்துவிட்டு, யார் பெற்றாள் என்பதை அவர்களே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவோம். 2013 ஜூலையில் தந்தியை மூடிவிட்டார்கள் என்றாலும், அந்தக் கணக்கு எங்கள் தலைமுறையின் கையை விட்டுப் போகாது. ஆகவே நீங்களும் சுருக்கமாகவே பதில் அனுப்புங்கள், அவருக்குச் செலவு வைக்காதீர்கள்.

எழுத்துக்காரி, 12 அக்டோபர் 2024

தந்தி மாமா, நீங்கள் சொல்லும் கட்டணம் சாதாரணக் குறுஞ்செய்திக்குத்தான் பொருந்தும். வாட்ஸ்அப்பில் நாடு மாறினாலும் தனிக் கட்டணம் கிடையாது. இணையம் செலவாவதோடு சரி. பெறுகிறவருக்கு அந்தக் காலத்திலும் செலவில்லை. ஆனால் பாட்டி அப்படி நினைத்திருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை.

குடமுருட்டி, எனக்கு இரண்டு சந்தேகங்கள் உள்ளன.

முதலாவது, உங்கள் நான்கு வரியைத் தமிழ் எழுத்தில் எழுதினீர்களா, ஆங்கில எழுத்தில் தட்டினீர்களா? நீலக் குறி என்றால் அவர் அந்த உரையாடலைத் திறந்தார் என்பதற்கு மேல் பொருள் இல்லை. படித்தார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது, அப்பாயி எத்தனை வகுப்பு படித்தவர்? அவர் கையால் எழுதிய கடிதம் ஏதாவது உங்களிடம் உண்டா? அதில் "ஹ" என்ற எழுத்து வருகிறதா என்று பாருங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் பெரியம்மா சாகும்வரை "அலோ" என்றும் "ஆசுபத்திரி" என்றும்தான் எழுதினார். கிரந்த எழுத்து கையில் வராதவர், கண்ணாடிக்குள் இத்தனை சிறிதாகத் தெரியும் விசைப்பலகையில் ஹவைத் தேடிப் பிடித்து, லகரத்துக்கு ஓகாரக் குறியும் போட்டு, ஒரு பிழையும் இல்லாமல் அனுப்பியிருக்கிறார் என்றால், அது தட்டி வந்த எழுத்தாக எனக்குத் தோன்றவில்லை.

குடமுருட்டி, 12 அக்டோபர் 2024

வெட்கமாக இருக்கிறது. ஆங்கில எழுத்தில்தான் தட்டினேன். என் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையே இல்லை. நண்பர்களோடு எல்லாம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அப்பாயிக்கு ஆங்கில எழுத்தில் பேருந்து எண்ணைத் தவிர ஒன்றும் தெரியாது. எண் ஆங்கில எழுத்தில் சேராது என்று யாரும் திருத்த வர வேண்டாம், எனக்கே தெரியும்.

கடிதம் ஒன்று இருக்கிறது. திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தபோது அவர் எழுதிய உள்நாட்டு அஞ்சல். இங்கே கடவுச்சீட்டோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன். இப்போது எடுத்துப் பார்த்தேன். "ஆசுடலில் சோரு நல்லா போடுரானுவளா" என்று இருக்கிறது. ஹ இல்லை, ஸ் இல்லை, றகரமும் இல்லை.

அப்படியானால் அந்தச் செய்தியை அனுப்பியது யார்? சித்தப்பா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள்தான் தட்டிக் கொடுத்திருப்பாளோ? காலை ஐந்தே முக்காலுக்கு அவள் எழுந்ததாக வரலாறு இல்லை.

எழுத்துக்காரி, 12 அக்டோபர் 2024

யாரும் தட்டவில்லை என்று நினைக்கிறேன். அந்தக் கைப்பேசியின் திரையில் இரண்டு மைக்குகள் இருக்கும். ஒன்று விசைப்பலகைக்குள் இருக்கும் மைக். அதைத் தொட்டுப் பேசினால் பேச்சு எழுத்தாக மாறி வரும். கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழுக்கும் இதைக் கொண்டுவந்தது. இன்னொன்று எழுதும் இடத்துக்கு வலப்பக்கம் பச்சை வட்டத்தில் இருக்கும் வாட்ஸ்அப்பின் சொந்த மைக். அதை அழுத்திப் பிடித்துப் பேசினால் குரலே போகும்.

பேத்தி சொல்லிக் கொடுத்தது இரண்டாவதாக இருக்க வேண்டும். அப்பாயி தொட்டது முதலாவதை. அவர் "ஹலோ டா" என்றதும் அது எழுத்தாக விழுந்திருக்கும். எழுத்து விழுந்தவுடன் பச்சை வட்டத்தில் மைக் மறைந்து, அனுப்புவதற்கான அம்பு வந்துவிடும். பச்சையைத் தொட வேண்டும் என்று நினைவு வந்து அவர் தொட்டிருப்பார், செய்தி பறந்திருக்கும். பேச்சில் சற்று இடைவெளி விட்டால் விசைப்பலகை மைக் தானே மூடிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஏன் இரண்டே சொல் என்பதற்கும் விடை கிடைக்கிறது.

அவர் ஏன் இடைவெளி விட்டார் என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். தொலைபேசியில் நாம் ஹலோ சொன்னால் அடுத்து என்ன செய்வோம்?

குடமுருட்டி, 13 அக்டோபர் 2024

காத்திருப்போம்.

இன்று ஞாயிறு, சித்தப்பா மகளிடம் கேட்டேன். எழுத்துக்காரி அக்கா சொன்னதில் பெரும்பகுதி சரி. அவள் முந்தின நாள் இரவு பச்சை மைக்கைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். விடிகாலை மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்த அப்பாயி, திண்ணையில் உட்கார்ந்து, கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்ததைச் சித்தி பார்த்திருக்கிறார். "யார்கிட்ட பேசுறீங்க" என்று கேட்டதற்கு, "அவன் இன்னும் எடுக்கல" என்று சொல்லியிருக்கிறார். அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன்.

ஓர் இடத்தில் அக்காவின் கணக்கு பிசகுகிறது. அவர் பச்சையைத் தெரியாமல் தொட்டதாக நீங்கள் எழுதினீர்கள். எழுத்து வந்ததைத் தாம் பார்த்ததாகவும், "நான் சொன்னத அது எழுதிருச்சு" என்று தெரிந்துதான் அனுப்பியதாகவும் அப்பாயி சொல்கிறார். தங்கை இதை நம்பவில்லை. நான் நம்புகிறேன்.

என் நான்கு வரியைத் தங்கை பள்ளியிலிருந்து வந்த பிறகு படித்துக் காட்டியிருக்கிறாள். "எப்படி இருக்கிறீர்கள்" என்று நான் மரியாதையாக எழுதியிருந்ததைக் கேட்டுவிட்டு, "இது அவன் எழுதுனதில்ல, யாரோ ஆபீசர் எழுதுனது" என்று சொல்லிவிட்டாராம். பிறந்ததிலிருந்து நான் அவரை நீ என்றுதான் கூப்பிடுகிறேன். எழுதும்போது மட்டும் என் கை எங்கிருந்தோ மரியாதையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது.

மஸ்கட்_84, 14 அக்டோபர் 2024

உங்கள் கதை என்னைப் பின்னால் கொண்டுபோய்விட்டது. நான் 1984இல் மஸ்கட்டுக்குப் போனவன். அப்போது எங்களில் பலர் வீட்டுக்குக் கடிதத்தைவிடக் கேசட்டில் பேசி அனுப்புவோம். ஊருக்குப் போகிற ஆள் கையில் கொடுத்துவிட்டால் போதும். பதிலுக்கு என் அம்மா பேசிய கேசட் வந்தது. அறுபது நிமிடக் கேசட்டில் முதல் பக்கம் முழுவதும் அடுப்பங்கரைச் சத்தமும், என் தம்பி "பேசும்மா, பேசும்மா" என்பதும்தான். அம்மா வாயைத் திறக்கவே இல்லை. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் "சரி, நிறுத்து, அவன் கேட்டுக்கிட்டு இருப்பான்" என்றார். அந்த ஒரு வரிக்காக முப்பது நிமிடத்தையும் ஓடவிட்டுக் கேட்பேன்.

தம்பி, எழுத்தை விட்டுவிடுங்கள். குரலில் அனுப்புங்கள். நிறைய பேசுங்கள்.

குடமுருட்டி, 15 அக்டோபர் 2024

குரலில் அனுப்பிவிட்டேன். மஸ்கட் ஐயா சொன்னபடி நிறையவே பேசினேன், நான்கு நிமிடம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, கம்பளிச் சட்டை வாங்கினேன், நீ அனுப்பிய வத்தக் குழம்புப் பொடி தீர்ந்துவிட்டது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பலன் வேறு விதமாக ஆயிற்று.

அனுப்பியவுடன் இரட்டைக் குறி நீலமாயிற்று. ஆனால் குரல் செய்தியின் பக்கத்தில் இருக்கும் சின்ன மைக் படம் மாலைவரை சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. கேட்டால்தான் அது நீலமாகும் என்பதை இப்போதுதான் கவனித்தேன். திறந்து பார்த்திருக்கிறார், எதைத் தொட வேண்டும் என்று தெரியவில்லை. தங்கை வந்து அம்பைத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். காதில் வைத்ததும் சத்தம் ஒலிபெருக்கியிலிருந்து காதுப் பக்கத்துக்கு மாறிவிடுகிறது. அதனால் அவருக்கு அது அசல் தொலைபேசி அழைப்பாகவே ஆகிவிட்டது. நான் "சாப்பிட்டியா அப்பாயி" என்று பேசிக்கொண்டு போக, அவர் "சாப்பிட்டேன்டா, நீ சாப்பிட்டியா" என்று கேட்டிருக்கிறார். நான் அதற்குப் பதில் சொல்லாமல் கம்பளிச் சட்டையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இரண்டு முறை குறுக்கே பேசிப் பார்த்துவிட்டு, "நான் பேசுறதக் காதுல வாங்க மாட்டேங்குறான்" என்று கைப்பேசியைக் கட்டிலில் வைத்துவிட்டாராம். மீதி மூன்று நிமிடத்தைத் தலையணை கேட்டது.

எழுத்துக்காரி, 15 அக்டோபர் 2024

இதில் என் தவறும் உண்டு. குரல்தான் வழி என்று எனக்கும் தோன்றியது. நீளத்தைப் பற்றி நான் எச்சரித்திருக்க வேண்டும். அவர் பேசுவதற்கு இடம் விடாத எதுவும் அவருக்குப் பேச்சாகாது. அவருடைய "ஹலோ டா"வுக்கு நேரில் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மூன்று நொடி போதும்.

இன்னொன்றையும் தங்கையிடம் சொல்லி வையுங்கள். பதில் பேசுவதற்குப் பச்சை மைக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். தொட்டுவிட்டு எடுத்தால் பதிவாகாது. பிடித்திருக்கும்போது விரல் இடப்பக்கம் நழுவினால் பேசியது முழுவதும் அழிந்துவிடும். வயதான கைக்கு நழுவுவது இயல்பு. பிடித்தபடியே மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், பிறகு கையை எடுத்துவிட்டுப் பேசலாம். ஆனால் முடிந்ததும் அனுப்புவதற்கு மறுபடியும் தொட வேண்டும். இரண்டில் எது அவருக்கு எளிது என்பதை அவர் கையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

குடமுருட்டி, 17 அக்டோபர் 2024

இன்று காலை 6.30க்கு, அங்கே பத்து மணிக்கு, அனுப்பினேன். "ம், சொல்லு அப்பாயி." அவ்வளவுதான். பதிவு இரண்டு நொடி.

பதினைந்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. அவர் பதிவு செய்துகொண்டிருப்பதாக மேலே காட்டுகிறது, நின்றுவிடுகிறது, மறுபடியும் காட்டுகிறது. விரல் நழுவுகிறது என்று புரிந்தது. ஐந்தாறு முறை அப்படி ஆன பிறகு ஏழு நொடியில் ஒன்று வந்து சேர்ந்தது. முதல் இரண்டு நொடி சேவல் கூவுகிறது. பிறகு, "எலேய், நீதானா? அன்னிக்கு ஏன்டா எடுக்கல?" பின்னாலிருந்து சித்தி, "விரல எடுங்க அத்தே" என்கிறார்.

தூங்கிவிட்டேன் என்று பதில் அனுப்பினேன். "விடிஞ்சு போச்சேடா" என்று திருப்பி வந்தது. உனக்கு விடியும்போது எனக்கு இரவு இரண்டு மணி என்று சொன்னேன். இதற்கு மட்டும் நீண்ட நேரம் பதில் இல்லை. மாலையில் வந்த பதிவில், "அப்ப அந்த நேரத்துல உன்ன எழுப்பிட்டனா?" என்றார். எழுப்பவில்லை என்று நான் சொன்னது அவருக்கு நிம்மதியா வருத்தமா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

தந்தி_மாமா, 18 அக்டோபர் 2024

காசைப் பற்றிக் கேட்டீர்களா?

குடமுருட்டி, 18 அக்டோபர் 2024

கேட்டேன் மாமா. "வார்த்தைக்கு எவ்வளவுன்னு தெரியாம எப்படிடா நெறய பேசுறது" என்றார். நீங்கள் சொன்ன காரணம் அவருக்கும் இருந்திருக்கிறது, கட்டணம் இல்லாவிட்டாலும். ஆனால் அடுத்த நாள் இதையே தங்கை கேட்டதற்கு, "அவன் எடுக்கட்டும்னு நிறுத்துனேன்" என்று சொல்லியிருக்கிறார். இரண்டில் எது முதல் காரணம் என்று இனிமேல் அவரை நான் குடையப் போவதில்லை.

எச்சரிக்கை_மணி, 20 அக்டோபர் 2024

பாட்டியின் குரலைப் பொதுவில் எங்கும் பகிர வேண்டாம். மற்றபடி மகிழ்ச்சி. என் தாயாருக்கும் ஒரு கைப்பேசி வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.

குடமுருட்டி, 28 அக்டோபர் 2024

ஒரு சிறு சிக்கல், என் கவனக்குறைவால் வந்தது. தினமும் இங்கே காலை 6.30க்கு "சொல்லு அப்பாயி" அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அங்கே சரியாகப் பத்து மணி. நேற்று ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். மூன்றரை மணி நேர வித்தியாசம் நான்கரையாகிவிட்டது. என் 6.30 அவருக்குப் பதினொன்று. நான் வழக்கம்போல அனுப்பினேன்; அவர் பத்து மணியிலிருந்து மடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, கொல்லைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார். கவர்மென்டே மணியை மாற்றிவிட்டது என்று சித்தப்பா விளக்கியதற்கு, "மாட்டுக்குப் பால் கறக்குற நேரத்த எந்தக் கவர்மென்ட் மாத்தும்" என்று கேட்டாராம். மார்ச் மாதக் கடைசிவரை காலை 5.30க்கு எழுந்து அனுப்பலாம் என்று நினைத்திருக்கிறேன். எத்தனை நாள் முடியும் என்று இப்போது உறுதி சொல்ல மாட்டேன்.

எழுத்துக்காரி, 29 அக்டோபர் 2024

அவரிடம் புது நேரத்தைச் சொல்லிவிட்டு நீங்கள் தூங்கலாமே?

குடமுருட்டி, 2 நவம்பர் 2024

சொல்லலாம் அக்கா. தீபாவளிக்கு முந்தின நாள் சொல்லியும் பார்த்தேன். சரி என்றார். மறுநாள் பத்து மணிக்கே "ஹலோ டா" வந்துவிட்டது, எழுத்தில்.

ஆமாம், மறுபடியும் எழுத்தில்தான். குரல் அனுப்பப் பழகிய பிறகும், நாளின் முதல் செய்தியை மட்டும் விசைப்பலகை மைக்கில் சொல்லி எழுத்தாகவே அனுப்புகிறார். தவறான மைக் என்று தங்கை இரண்டு முறை திருத்தியிருக்கிறாள். "நீ சும்மா இரு, அதுலதான் என் பேச்சு எழுத்தா வருது" என்று அவளை விலக்கிவிட்டாராம். இன்று காலை வந்தது "ஹலோ டா மழை". தஞ்சாவூர்ப் பக்கம் நேற்று மாலையிலிருந்து மழையா என்று ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். குறுவை அறுத்துக் களத்தில் கிடக்கிறது, அதைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.